பொருள்: எமது நிறுவனத்தின் சரியான பெயரிலும் முகவரியிலும் வரி விலைப்பட்டியல் பெற்றுக்கொள்ளல்

2025 ஆகஸ்ட் 20
மட்டக்களப்பு

முகாமையாளர் அவர்கட்கு,
கணக்குப் பிரிவின் கவனத்திற்கும்,
அறுகம்பை, பொத்துவில்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

கடந்த 11ஆம் திகதி திங்கட்கிழமை மாலை முதல் 14ஆம் திகதி வியாழக்கிழமை காலை வரை, நானும் எமது நிறுவனத்தின் தொழினுட்பவியலாளர்கள் இருவரும் தங்கள் ஹோட்டலின் இரண்டு அறைகளில் மூன்று இரவுகள் தங்கியிருந்தோம். பொத்துவிலில் மீன் சேமிக்கும் குளிர் அறையொன்றின் கம்பிரசரை மாற்றிப் பொருத்தும் வேலைக்காகவே வந்திருந்தோம். அன்றாடம் வேலை முடிந்து மட்டக்களப்புக்குத் திரும்பிவர இயலாத தூரம் என்பதால் நிறுவனம் தங்குவதற்கு அனுமதி தந்தது. அறைக் கட்டணமும் காலை, இரவு உணவும் சேர்த்து மொத்தம் 118,750 ரூபாவை 14ஆம் திகதி காலை எனது சொந்த வங்கி அட்டையால் செலுத்தினேன். அந்தத் தொகையை நிறுவனம் எனக்கு மீளளிக்க வேண்டுமானால் நிறுவனத்தின் பெயரிலான வரி விலைப்பட்டியல் அவசியம். அதனைப் பெற்றுக்கொள்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எமக்குத் தரப்பட்ட பட்டியலில் மூன்று விடயங்கள் சரியாக இல்லை. முதலாவது, வாங்குநர் என்ற இடத்தில் எனது பெயரும் அதன் கீழ் ‘மீன்மகள் கூலிங், கல்லடி’ என்பதும் ஆங்கிலத்தில் அச்சாகியுள்ளன. மீன்மகள் கூலிங் என்பது எம்மைப் பலரும் வாய்வழக்கில் அழைக்கும் பெயரேயன்றிப் பதிவு செய்யப்பட்ட பெயர் அன்று; கல்லடியில் இருப்பது எமது வேலைத்தலம், பதிவு முகவரி திருகோணமலை வீதியில் உள்ளது. நாம் வந்து சேர்ந்த மாலையில் விருந்தினர் அட்டையில் நான் முழுப் பெயரையும் எழுதி, நிறுவனத்தின் விசிட்டிங் காட்டையும் அதனுடன் சேர்த்துக் கொடுத்திருந்தேன். ஒரே நேரத்தில் வெளிநாட்டுப் பயணிகள் பலர் வந்து நின்றதால் வரவேற்பு மேசையிலிருந்த தம்பி அவசரத்தில் சுருக்கமாகத் தட்டச்சு செய்திருக்கலாம். அவர் எம்மை மிகுந்த மரியாதையுடனேயே நடத்தினார். இக்கடிதத்தால் அவருக்கு எந்தச் சங்கடமும் நேரக்கூடாது என்று விரும்புகிறேன்.

இரண்டாவது, அறை வாடகை, உணவு, சேவைக் கட்டணம், பெறுமதிசேர் வரி ஆகிய அனைத்தும் ஒரே வரியில் ஒரே தொகையாகக் காட்டப்பட்டுள்ளன. மூன்றாவது, தங்கள் ஹோட்டலின் வற் பதிவு இலக்கம் அடியில் அச்சிடப்பட்டிருந்தும், பட்டியலின் தலைப்பில் ‘பில்’ என்று மட்டுமே உள்ளது. வரி விலைப்பட்டியல் என்ற சொல் எங்கும் இல்லை.

2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கப் பெறுமதிசேர் வரிச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, வரி விலைப்பட்டியலில் அது வரி விலைப்பட்டியல் என்பது தெளிவாகத் தெரியவேண்டும் என்பதும், வழங்குநர், வாங்குநர் ஆகிய இருவரின் பெயரும் முகவரியும், தொடரிலக்கம், திகதி, சேவையின் விபரம், பெறுமதி, வரித்தொகை என்பவை அதில் இருக்கவேண்டும் என்பதும் தாங்கள் அறிந்ததே. 18 சதவீத வரி தனியாகத் தெரியாத பட்டியலை எமது கணக்காளர் செலவுப் படிவத்துடன் ஏற்கமாட்டார். நான் சமர்ப்பித்த படிவத்தை அவர் கடந்த திங்கட்கிழமை திருப்பித் தந்து, நிறுவனத்தின் பெயருக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடிட்டிருந்தார். அவர் செய்ததில் பிழையில்லை. கணக்காய்வின்போது பதில் சொல்லவேண்டியவர் அவரே.

ஆகவே பின்வரும் பெயரும் முகவரியும் ஓர் எழுத்தும் மாறாமல், அடைப்புக்குறிக்குள் உள்ள சொல்லும் விடுபடாமல், புதிய வரி விலைப்பட்டியலில் இடம்பெற வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

```
MEENMAGAL REFRIGERATION SERVICES (PRIVATE) LIMITED
No. 214/1, Trincomalee Road
Batticaloa 30000
```

எமது வற் பதிவுச் சான்றிதழின் பிரதியை இணைத்துள்ளேன். அதிலுள்ள இலக்கத்தை 7000 என்ற கடைசிப் பகுதியுடன் முழுமையாகக் குறிப்பிடுங்கள். வேறொரு ஹோட்டலில் முன்பு ஒருமுறை அந்தக் கடைசி நான்கு இலக்கங்கள் விடுபட்டதால் பட்டியலைத் திருத்திப் பெற இரண்டு மாதங்கள் அலைய நேர்ந்தது. அதனால்தான் இதைத் தனியாக எடுத்துச் சொல்கிறேன்.

சேவை பெற்ற காலமாக ஆகஸ்ட் 11 முதல் 14 வரையான நாட்களே காட்டப்பட வேண்டும். இரண்டு அறைகள், மூன்று இரவுகள் என்ற எண்ணிக்கையையும், அறை வாடகை, உணவு, சேவைக் கட்டணம், வரி ஆகியவற்றைத் தனித்தனியாகவும் காட்டுங்கள். அவற்றைத் தங்கள் கணக்கிலுள்ளபடியே காட்டினால் போதும்; மொத்தத் தொகை 118,750 ரூபாவாகவே இருக்கவேண்டும். எனது அட்டையால் பணம் செலுத்தப்பட்டது என்ற குறிப்பு பட்டியலின் அடியில் இருக்கலாம், ஆனால் வாங்குநர் என்ற இடத்தில் எனது பெயர் வரக்கூடாது. பணம் செலுத்தியவர் ஊழியராக இருந்தாலும் சேவையைப் பெற்றது நிறுவனமே என்பது எமது அலுவலக விதி.

திங்கட்கிழமை பிற்பகல் தொலைபேசியில் பேசியபோது, இரவுக் கணக்கு முடிக்கப்பட்டுவிட்டதால் கணினியில் அந்தப் பில்லைத் திறக்க முடியாது என்று கூறப்பட்டது. அந்தச் சிரமம் எனக்கு விளங்குகிறது. பழைய பில்லைத் திறந்து திருத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதனை முறைப்படி ரத்துச் செய்து, அதன் இலக்கத்தைக் குறிப்பிட்டுப் புதிய பட்டியலொன்றைத் தந்தால் போதுமானது. ஒரே தங்கலுக்கு இரண்டு பட்டியல்கள் நடைமுறையில் இருப்பது தங்களுக்கும் எமக்கும் பின்னர் சிக்கலைத் தரும் என்பதால், புதியது கிடைத்தவுடன் என்னிடமுள்ள மூலப் பில்லைப் பதிவுத் தபாலில் அனுப்பிவைப்பேன். அது வெப்பத்தாளில் அச்சிடப்பட்டிருப்பதால் எழுத்துகள் இப்போதே மங்கத் தொடங்கிவிட்டன. வேலை நடந்த இடத்தின் ஈரம் பட்டு அதன் ஒரு மூலை சுருங்கியும் உள்ளது. எனவே அதன் தெளிவான படத்தையும் வங்கி அட்டைச் சீட்டின் படத்தையும் இத்துடன் அனுப்புகிறேன்.

பயணம் முடிந்து 30 நாட்களுக்குள் செலவுப் படிவத்தைக் கொடுக்கவேண்டும் என்பது எமது நிறுவன விதி. அதன்படி எனக்கு செப்டெம்பர் 13ஆம் திகதி வரையே அவகாசம் உள்ளது. இந்தத் தொகை என்னுடைய ஒரு மாதச் சம்பளத்தை விடச் சற்றே குறைவானது. மாதக் கடைசியில் வீட்டுக் கடன் தவணையும் பிள்ளையின் வகுப்புக் கட்டணமும் இதே கணக்கிலிருந்துதான் போகவேண்டும். ஆகவே ஆகஸ்ட் 27ஆம் திகதிக்கு முன்னர் கையொப்பமிட்ட பட்டியலின் பிரதியை இந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி, மூலப்பிரதியை மேலே உள்ள முகவரிக்குத் தபாலிட முடியுமானால் பேருதவியாக இருக்கும். தபாற் செலவை நானே ஏற்கிறேன். அச்சிடுவதற்கு முன் வரைவை எனக்குக் காட்ட விரும்பினால், விருந்தினர் அட்டையில் உள்ள இலக்கத்துக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அன்றைய தினமே பார்த்துப் பதில் தருவேன்.

அந்தக் குளிர் அறையின் அடுத்த பராமரிப்புப் பணிக்காக நவம்பரில் மீண்டும் பொத்துவிலுக்கு வரவேண்டியிருக்கிறது. தங்கள் ஹோட்டலிலேயே தங்க விரும்புகிறோம். முன்பதிவு செய்யும்போதே நிறுவனத்தின் பெயரையும் வற் இலக்கத்தையும் எழுத்தில் அனுப்பிவைப்பேன்.

நன்றி.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
சி. தயாளன்
களப்பணி மேற்பார்வையாளர்

இணைப்புகள்: வற் பதிவுச் சான்றிதழின் பிரதி, ஆகஸ்ட் 14ஆம் திகதிய பில்லின் படம், வங்கி அட்டைச் சீட்டின் படம்.