குளச்சல் போர், 1741

ஒருவர்:
மலைச்சரி வெல்லாம் மிளகுகொடி – அந்த
மிளகைத் தேடி டச்சுக்காரர்
அலைகடல் தாண்டி வந்தாரே – இங்கே
ஆதாயம் நன்றாய்ப் பார்த்தாரே!

குட்டி நாடுகள் ஒவ்வொன்றாய் – திருவிதாங்கூர் மன்னர்
மார்த்தாண்ட வர்மர் வசமாக,
கட்டிய விலையில் மிளகுவாங்கும் – தம்
காலம் போச்செனக் கொதித்தாரே!

எல்லோரும்:
கொட்டு முரசைக் குளச்சலிலே – அந்தக்
கொண்டல் கடலும் கேட்கட்டும்!

ஒருவர்:
இலங்கைக் கரையாண்ட வான்இம்ஹாப் – டச்சு
ஆளுநர் வந்து மிரட்டினராம்:

ஆளுநர்:
"கொட்டாரக் கரையை விட்டுவிடும் – இல்லை
கொண்டு வருவேன் பெரும்படையை!"

மன்னர்:
"வந்தால் காட்டில் புகுந்திடுவேன்!"

ஆளுநர்:
"காட்டுக்குள் ளேயும் தொடர்ந்திடுவேன்!"

மன்னர்:
"சரி, என்மீனவர் வள்ளத்திலே – நான்
ஐரோப் பாவைத் தாக்கவருவேன்!"

ஒருவர்:
ஏடுகள் சொல்லும் பேச்சிதுவே – அதில்
எத்தனை துணிச்சல் பாருங்கள்!

அப்புறம் வந்தன கப்பல்கள் – குண்டு
அதிர அதிரக் குளச்சலுக்கு.
கோட்டார் வரைக்கும் கொள்ளைகொள்ளை – கரைக்
குடிசை யெல்லாம் அழுகுரலே!

கல்குளம் நோக்கி நடந்தார்கள் – அது
தலைநகர், மன்னர் ஊரிலில்லை.
வடக்கே போரில் இருந்தவர்தாம் – சேதி
வந்ததும் தெற்கே விரைந்தாரே!

தளவாய் ராமய்யன் உடன்நிற்க – நாயர்
படையும் வாளை உருவிநிற்க,
அலையை அறிந்த முக்குவரும் – தம்
கரையைக் காக்க எழுந்தாரே!

எல்லோரும்:
கொட்டு முரசைக் குளச்சலிலே – எங்கள்
கடலோ ரத்தார் எழுந்தாரே!

ஒருவர்:
பனைமரம் வெட்டி வரிசைவைத்துப் – பெரும்
பீரங்கி என்று காட்டியதாய்
ஊரில் சொல்வார் ஒருகதையை – அதை
ஊர்க்கதை யாகவே சொல்லிடுவோம்.

ஜாவாத் தீவில் வேறுசண்டை – அதனால்
டச்சுத் தலைமையிடம் பத்தாவி யாவின் துணையில்லை.
ஆடிக் காற்றில் கடல்சீறும் – டச்சு
அரணைச் சுற்றி நம்படையே!

இருவர்:
பறந்தது பீரங்கிக் குண்டொன்று – அரண்
உள்ளே வெடிமருந் தில்விழவே
எழுந்தது தீயின் பெருநாக்கு – அங்கே
எரிந்தது தின்னும் அரிசியுமே!

சோறும் இல்லை, மருந்தில்லை – இனிச்
சுடவும் முடியா நிலையாச்சு.
1741 ஆகஸ்டில் – டச்சுப்
படையும் சரணம் அடைந்ததுவே!

எல்லோரும்:
கொட்டு முரசைக் குளச்சலிலே – ஓர்
ஐரோப் பியப்படை பணிந்ததுவே!

ஒருவர்:
பிடிபட் டவரில் ஒருதலைவர் – அவர்
பேர்தான் டிலனாய், தேர்ந்தவீரர்.
கொன்று போடச் சொல்லவில்லை – மன்னர்
கூப்பிட் டவரிடம் வேலைதந்தார்:

"துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடு – என்
வீரரை வரிசையில் நடக்கவிடு!"
சொன்னபடி யேஅவர் செய்தாரே – புதுச்
சேனை ஒன்றை வளர்த்தாரே!

உதய கிரிக்கோட்டை புதுப்பித்து – அங்கே
பீரங்கி வார்க்கும் உலையும்வைத்து,
1777-இல் சாகும்வரை – இந்த
மண்ணுக் காகவே உழைத்தாரே!

எல்லோரும்:
எதிரி யாக வந்தவரை – மக்கள்
எப்படி அழைத்தார் தெரியுமா? – பெரிய தளபதி என்னும் பொருளினிலே:
"வலிய கப்பித் தான்வருகிறார் – வழி
விடுங்கள், வழிவிடுங்கள்!" என்றாரே!