"காற்று அதே, கட்டணம் குறைவு!": தகவல்படம் வாசித்தல் பயிற்சித்தாள்

பத்தாம் வகுப்பு | நேரம்: 40 நிமிடம் | மதிப்பெண்: 20

ஊர்க் கடைவீதியில் மின்விசிறி விற்கும் ஒரு கடை, வாசலில் ஒட்டுவதற்காக அச்சிட்ட சுவரொட்டி இது. அதிலுள்ள படக்குறிகளும் சொற்களும் எண்களும் மேலிருந்து கீழாக அப்படியே தரப்பட்டுள்ளன. எழுத்தின் அளவையும் கவனியுங்கள். வினாக்களில் சில அதைப் பற்றியவை.

சுவரொட்டி

தலைப்பு, மிகப் பெரிய எழுத்து: காற்று அதே, கட்டணம் குறைவு!

கட்டம் 1. இடப்பக்கம் சிவப்பு விசிறிப் படம், 5 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம்: "பழைய விசிறி, 75 வாட்". வலப்பக்கம் பச்சை விசிறிப் படம், 2 செ.மீ. அகலம், 2 செ.மீ. உயரம்: "பி.எல்.டி.சி. விசிறி, 30 வாட்".

கட்டம் 2. கடிகாரப் படம்: "தினம் 16 மணி நேரம்". நாட்காட்டிப் படம்: "60 நாள்". அம்புக்குறி. சிவப்பில் "72 யூனிட்", பச்சையில் "28.8 யூனிட்".

கட்டம் 3. வீட்டுப் படம், உள்ளே மூன்று விசிறிகள்: "3 விசிறியும் மாற்றினால் 129.6 யூனிட் மிச்சம். 60% சேமிப்பு\*"

கட்டம் 4. பத்து மனித உருவங்கள், ஏழு பச்சை, மூன்று சாம்பல்: "10 பேரில் 7 பேருக்குத் திருப்தி"

கட்டம் 5. நாணயக் குவியல் படம், பெரிய எழுத்து: உங்கள் மின் கட்டணம் 60% குறையும்! அதன் கீழ், நடுத்தர எழுத்து: "விலை ரூ. 3,000 மட்டுமே. போட்ட காசு ஒரே வருடத்தில் திரும்பும்."

அடிக்குறிப்பு, மிகச் சிறிய எழுத்து: "\*விசிறிகளின் மின்செலவில் மட்டும், முழு வேகத்தில். எங்கள் வாடிக்கையாளர் 20 பேரிடம் கேட்டது."

வினாக்கள்

1. கடிகாரமும் நாட்காட்டியும் எந்த இரண்டு அனுமானங்களைச் சொல்கின்றன? 30 நாள் போடாமல் 60 நாள் போட்டது ஏன்? (2)

2. 72, 28.8, 60% ஆகிய மூன்று எண்களும் சரியா? கணக்கிட்டுக் காட்டுக. (3)

3. சிவப்பு விசிறி பச்சை விசிறியைவிட எத்தனை மடங்கு அதிக மின்சாரம் எடுக்கிறது என்று எண்கள் சொல்கின்றன? படங்கள் அடைத்திருக்கும் பரப்பு எத்தனை மடங்கு என்று காட்டுகிறது? (3)

4. கட்டம் 4: உண்மையில் திருப்தி என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? இந்தக் கட்டம் சொல்லாமல் விட்ட இரண்டு செய்திகளை எழுதுக. (3)

5. ஒரு வீட்டில் இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் செலவாகிறது. மூன்று பழைய விசிறிகளும் சுவரொட்டி சொல்லும் நேரம் ஓடுகின்றன. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்க: முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு ரூ. 2.50 வீதம், அதற்கு மேல் ரூ. 5 வீதம்.
 அ. மூன்றையும் மாற்றினால் யூனிட் எத்தனை விழுக்காடு குறையும்? (1)
 ஆ. கட்டணம் எத்தனை விழுக்காடு குறையும்? (2)
 இ. "உங்கள் மின் கட்டணம் 60% குறையும்" என்ற கூற்றைச் சுவரொட்டி நிறுவுகிறதா? (2)

6. அதே வீட்டுக்கு "ஒரே வருடத்தில் திரும்பும்" என்பது பொருந்துமா? (2)

7. "காற்று அதே" என்பதை ஏற்க எந்த எண் சுவரொட்டியில் இருந்திருக்க வேண்டும்? (2)

விடைக்குறிப்பு (ஆசிரியருக்கு)

1. தினம் 16 மணி நேரம் ஓடும்; 60 நாளும் இடைவிடாமல் ஓடும். தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுவதால் 60 நாள். விசிறி 8 மணி நேரமே ஓடும் வீட்டில் மிச்சம் சரிபாதியாகும், ஒரு விசிறிக்கு 21.6 யூனிட். இதைத் தானாக எழுதிய மாணவரைப் பாராட்டலாம். மதிப்பெண் கூட்ட வேண்டாம்.

2. மூன்றும் சரி. 75 × 16 × 60 = 72,000 வாட்-மணி; 1,000-ஆல் வகுத்தால் 72 யூனிட். 30 × 16 × 60 ÷ 1,000 = 28.8. மிச்சம் 43.2, 43.2 ÷ 72 = 60%. வழக்கமான பிழை, 1,000-ஆல் வகுக்க மறப்பது. இன்னொன்று, 43.2-ஐ 28.8-ஆல் வகுத்து 150% என்று எழுதுவது. சேமிப்பு விழுக்காட்டுக்குப் பழைய அளவே அடி.

3. எண்களின்படி 75 ÷ 30 = 2.5 மடங்கு. பரப்பின்படி 25 ÷ 4 = 6.25 மடங்கு. அகலத்தில் 5-க்கு 2 என்பது எண்களோடு ஒத்துப்போகிறது. உயரத்தையும் அதே விகிதத்தில் குறைத்ததால் பரப்பு இருமுறை சுருங்கிவிட்டது. அளவுகோலால் அகலத்தை மட்டும் அளந்து "படம் சரியாகவே இருக்கிறது" என்று எழுதும் மாணவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு 2 மதிப்பெண் தரலாம், ஏனெனில் அளந்திருக்கிறார்கள்.

4. 20 பேரில் 14 பேர். பத்து உருவம் வரைந்ததால் பத்துப் பேரிடம் கேட்டதாக எண்ணி 7 என்று எழுதினால் மதிப்பெண் இல்லை. அடிக்குறிப்பைப் படிக்கவில்லை என்று பொருள். சொல்லாதவை: எதில் திருப்தி (காற்றிலா, விலையிலா, கடையின் சேவையிலா), வாங்கி எத்தனை நாள் கழித்துக் கேட்டார்கள், 20 பேரை எப்படித் தேர்ந்தார்கள். ஏதேனும் இரண்டு போதும். "20 பேர் குறைவு" என்பதும் நியாயமான கருத்துதான், ஆனால் அது சொல்லாமல் விட்ட செய்தி ஆகாது.

5. அ. 129.6 ÷ 350 = ஏறத்தாழ 37%.

ஆ. முன்பு: 100 × 2.50 + 150 × 5 = ரூ. 1,000. பின்பு 220.4 யூனிட்: 250 + 20.4 × 5 = ரூ. 352. குறைவு ரூ. 648, அதாவது 64.8%.

இ. இந்த வினாவில்தான் வகுப்பு தடுமாறும். அடிக்குறிப்பில் "விசிறிகளின் மின்செலவில் மட்டும்" என்று இருப்பதைக் கண்டவுடன், கட்டம் 5 பொய் என்று எழுதத் தோன்றும். ஆனால் ஆ பகுதியின் விடை 60-ஐத் தாண்டுகிறதே! காரணம், மிச்சமாகும் யூனிட்டுகள் அனைத்தும் விலை கூடிய மேல்படியிலிருந்து கழிகின்றன. அதே வீடு 400 யூனிட் செலவழித்திருந்தால் ரூ. 1,250-இல் ரூ. 648 குறையும், ஏறத்தாழ 52%. ஒரே விசிறி உள்ள, 100 யூனிட்டைத் தாண்டாத வீட்டில் கட்டணமே இல்லை, குறைய ஒன்றுமில்லை.

ஆகவே எதிர்பார்க்கும் விடை: கூற்று சில வீடுகளுக்குப் பொருந்தலாம், ஆனால் சுவரொட்டி அதை நிறுவவில்லை. விசிறியின் யூனிட்டுக்குக் கிடைத்த 60%-ஐ எடுத்து, மொத்தக் கட்டணத்தின் மேல் ஒட்டியிருக்கிறது. "உங்கள்" என்ற சொல் எந்த வீடு என்று சொல்லவில்லை. "பொய்" அல்லது "உண்மை" என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் இல்லை. 60% எதன் மேல் கணக்கிட்டது என்று சுட்டினால் 1, வீட்டுக்கு வீடு மாறும் என்பதையும் சேர்த்தால் 2.

6. பொருந்தாது. மூன்று விசிறி ரூ. 9,000. ஒரு கணக்குக்கு ரூ. 648 என்றால் வருடத்துக்கு ஆறு கணக்கு, ரூ. 3,888. காசு திரும்ப 14 கணக்கு, அதாவது 28 மாதம். ரூ. 3,000-ஐ ரூ. 3,888-உடன் ஒப்பிட்டுப் "பொருந்தும்" என்பவர்கள், ஒரு விசிறியின் விலையையும் மூன்று விசிறியின் மிச்சத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். சுவரொட்டியும் அப்படிப் பார்க்கத்தான் தூண்டுகிறது: கட்டம் 3-இல் மூன்று, கட்டம் 5-இல் ஒன்றின் விலை.

7. நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்ற எண், இரண்டு விசிறிக்கும். வாட் என்பது எடுக்கும் மின்சாரம்; தரும் காற்று அன்று. இந்தியாவில் விசிறிகளின் நட்சத்திர மதிப்பீடு இந்தக் காற்றளவை வாட்டால் வகுத்தே தரப்படுகிறது. "நட்சத்திர எண்ணிக்கை" என்று மட்டும் எழுதினால் 1 மதிப்பெண். காற்றையும் வாட்டையும் சேர்த்த விகிதம் அது, காற்றின் அளவைத் தனியே சொல்லாது.