கடை தீ விபத்து க்ளெய்ம்: நஷ்ட பட்டியலும் ஸ்டாக் கணக்கும் அனுப்பிருக்கேன்

வணக்கம் சார்,

மார்ச் 14, 2025 ராத்திரி 11.40க்கு என் ஸ்டேஷனரி கடைல தீப்பிடிச்சது, மறுநாள் காலைலயே உங்களுக்கு போன்ல சொல்லிட்டேன், 17ஆம் தேதி சர்வேயர் வந்து பாத்தாரு, அவர் கேட்ட கணக்கைத்தான் இப்ப அனுப்புறேன். மெயின் போர்டுல ஷார்ட் சர்க்யூட்னு தீயணைப்பு ரிப்போர்ட்ல இருக்கு.

ஸ்டாக் ரிஜிஸ்டர் பாதி எரிஞ்சுருச்சு. மிச்சமிருக்கற பக்கமெல்லாம் ஓரம் கருகி, தொட்டாலே உதிருது, அதனால கவர்ல போட்டு அப்படியே வச்சிருக்கேன். நல்லவேளை பில்லிங் சாப்ட்வேர் பேக்கப் வெளிய இருந்துச்சு. கடைசியா சரக்கு எண்ணினது டிசம்பர் 31, 2024, அன்னிக்கு ஸ்டாக் 6,20,000. அதுக்கப்பறம் வாங்கினது 4,85,000. வித்தது 6,50,000, அதுல என் மார்ஜின் 20 சதவீதம் போக அடக்கவிலை 5,20,000. ஆக தீப்பிடிச்ச அன்னிக்கு கடைல 5,85,000க்கு சரக்கு. முன்பக்கம் இருந்த 1,10,000 சரக்குக்கு ஒண்ணும் ஆகல, அதை நான் கேக்கவும் இல்ல.

முழுசா எரிஞ்சது, எல்லாம் வாங்கின விலைல:
நோட்டு 7,100, ஒண்ணு 20 வீதம் 1,42,000
ஸ்கூல் பேக் 120, ஒண்ணு 900 வீதம் 1,08,000
பேனா, ஜியாமெட்ரி பாக்ஸ் 64,000
பிரிண்டிங் பேப்பர் 200 கட்டு, 230 வீதம் 46,000
மொத்தம் 3,60,000

தண்ணி, புகைல கெட்டது: ஃபைல், ரெக்கார்டு நோட்டு 70,000, சார்ட் பேப்பர் 45,000. இதுல 25,000 தேறும்னு ஒரு வியாபாரி எழுதிக் குடுத்திருக்காரு, அதைக் கழிச்சா 90,000. ஆக சரக்கு நஷ்டம் 4,50,000.

மர ரேக் 2021ல 80,000க்கு வாங்கினது, தேய்மானம் போக 48,000. பில்லிங் கம்ப்யூட்டர், பிரிண்டர் 22,000. வயரிங் திரும்ப போட எலக்ட்ரீசியன் எஸ்டிமேட் 30,000. எல்லாம் சேத்து 5,50,000.

பாலிசில ஸ்டாக்குக்கு 6,00,000 போட்டிருக்கேன், இருந்த சரக்கு அதவிட கம்மிதான், அதனால அண்டர் இன்ஷ்யூரன்ஸ்னு எதுவும் பிடிக்க வேண்டியதில்லன்னு நெனைக்கிறேன், இல்லன்னா எந்த கணக்குலன்னு எழுத்துல சொல்லுங்க.

வாங்கின பில்லு நெறைய எரிஞ்சுருச்சு, மொத்த வியாபாரிங்ககிட்ட டூப்ளிகேட் வாங்கிட்டேன், ஒருத்தர் மட்டும் 18,000 பில்லுக்கு இன்னும் குடுக்கல, அதுக்கு பதிலா பேங்க்ல பணம் போன ஸ்டேட்மென்ட் வச்சிருக்கேன். இதை மறைக்காம முன்னாடியே சொல்லிடறேன், அப்பறம் கேள்வி வரக்கூடாது. கூட தீயணைப்பு ரிப்போர்ட், போலீஸ் புகார் காப்பி, விற்பனை ரிப்போர்ட், 64 போட்டோ இணைச்சிருக்கேன்.

ரெண்டு விஷயம் வேணும் சார். சர்வேயர் சொன்னபடி எரிஞ்ச சாமான ஒண்ணக்கூட வெளிய போடல, ஈர பேப்பர் நாறுது, பக்கத்து கடைக்காரங்க திட்டுறாங்க, அள்ளிப்போட அனுமதிய ஒரு மெயில்ல அனுப்பிடுங்க. இன்னொண்ணு, ஃபைனல் ஆக நாளாகும்னா சர்ச்சை இல்லாத தொகைல ஒரு பங்க முன்பணமா குடுக்க முடியுமான்னு பாருங்க, ரேக் போட்டாத்தான் மிச்ச சரக்கையாவது விக்க முடியும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர், பாலிசிதாரர்