சும்மா நின்ற மூன்று

முதல் மணி அடித்துவிட்டது. இன்னும் பத்து நிமிஷம். மேற்பார்வைக்கு வந்த சார் நூல்கண்டைப் பிரித்து வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். ஜன்னலுக்கு வெளியே காட்பாடி ஜங்ஷனில் ஏதோ ஒரு ரயில் விடாமல் ஹாரன் அடித்தது.

பதினொன்றாம் வகுப்பு காலாண்டு, வேதியியல். தேன்மொழி கடைசி ஐந்து மதிப்பெண் கணக்கை மறுபடி பார்த்தாள். 5.4 கிராம் அலுமினியம், தேவையான அளவுக்கு மேலேயே ஹைட்ரோகுளோரிக் அமிலம். 273 கெல்வின், 1 வளிமண்டல அழுத்தத்தில் வெளிவரும் ஹைட்ரஜனின் கன அளவு எவ்வளவு?

5.4-ஐ 27-ஆல் வகுத்தால் 0.2 மோல். 0.2 பெருக்கல் 22.4. விடை 4.48 லிட்டர். ஓரத்தில் பென்சிலால் இன்னொரு தடவை பெருக்கிப் பார்த்தாள். அதே 4.48. மூன்றாவது தடவையும் அதேதான். பெருக்கலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் என்னவோ நெருடியது. அலுமினியத்துக்குக் கண்டுபிடித்த 0.2, ஹைட்ரஜனுக்கு எப்படி வந்து உட்கார்ந்தது?

விரலை மேலே நகர்த்தினாள்.

2Al + 6HCl → 2AlCl₃ + 3H₂

ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்ட சமன்பாடு. பக்கத்திலேயே அழகு அதுதான். அதில் H₂-வுக்கு முன்னால் அந்த 3 சும்மா நின்றுகொண்டிருந்தது. கீழே எந்த வரியிலும் அதற்கு வேலை கொடுக்கவில்லை. “பேலன்ஸ் பண்ணது இன்னாத்துக்கு, ஷோவுக்கா?” என்று மிஸ் மேஜையைத் தட்டுவது காதில் கேட்டது. அன்றைக்கு அந்தத் திட்டு பக்கத்து பெஞ்சுக்கு என்று நினைத்துச் சிரித்தவள்தான் இவள்.

இரண்டு அலுமினியத்துக்கு மூன்று ஹைட்ரஜன். அப்படியென்றால் 0.2 பெருக்கல் 3, வகுத்தல் 2. மோல் 0.3.

கை வியர்த்துப் பேனா வழுக்கியது. பாவாடையில் துடைத்துக்கொண்டு, கடைசி இரண்டு வரியையும் ஒரே கோட்டில் அடித்தாள். கீழே இடமில்லை, ஓரத்தில் நெருக்கி எழுதினாள். 0.3 × 22.4 = 6.72 லிட்டர். கட்டம் போட்டாள். கட்டம் கோணலாகப் போயிற்று, போகட்டும்.

“கட்டும்மா, கட்டு” என்றார் சார், நூலை நீட்டியபடி.

வெளியே தூறல். சைக்கிள் ஸ்டாண்டு தகரத்துக்கு அடியில் ஏழெட்டுப் பேர் கேள்வித்தாளும் கையுமாக நின்றார்கள். சுமையா ஓடி வந்து தோளைப் பிடித்தாள்.

“கடைசி கணக்கு உனக்கு இன்னா வந்துச்சுடி? 4.48 தானே?”

அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நாளைக்கு இயற்பியல் வேறு இருக்கிறது.

“எனக்கும் முதல்ல அதான்டி வந்துச்சு” என்றாள் தேன்மொழி, சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே.