ஒளிச்சேர்க்கையும் கட்டுப்படுத்தும் காரணிகளும்: நெடுவினா விடை

வினா: (அ) ஒளிச்சேர்க்கையின் ஒட்டுமொத்தச் சமன்பாட்டை எழுதி, பகுதிகளைக் குறித்து விளக்குக. (ஆ) ஹைட்ரில்லா செடியை வைத்துச் செய்த சோதனையின் அட்டவணை கீழே உள்ளது. அதைக் கொண்டு கட்டுப்படுத்தும் காரணிகளை விளக்குக. (இ) ஒளிச்செறிவு 12 அலகில் 3ஆம் குடுவையின் குமிழி எண்ணிக்கையை இன்னும் கூட்ட எதை மாற்றுவாய்? ஏன்?

நிமிடத்துக்கு வெளிவந்த குமிழிகள்:

| ஒளிச்செறிவு (அலகு) | குடுவை 1: பைகார்பனேட் 0.1%, 20°C | குடுவை 2: பைகார்பனேட் 0.5%, 20°C | குடுவை 3: பைகார்பனேட் 0.5%, 30°C |
|---|---|---|---|
| 1 | 6 | 6 | 5 |
| 2 | 12 | 12 | 12 |
| 4 | 20 | 23 | 24 |
| 8 | 22 | 37 | 45 |
| 12 | 22 | 38 | 56 |

விடை

(அ) பசுந்தாவரங்களும் பாசிகளும் ஒளி ஆற்றலைப் பிடித்து, கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் கொண்டு சர்க்கரை தயாரிப்பதே ஒளிச்சேர்க்கை. ஒளி ஆற்றல் இங்கே வேதி ஆற்றலாக மாறிச் சர்க்கரையில் தங்குகிறது.

```
             ஒளி (3), பச்சையம் (4)
6CO₂ + 12H₂O ────────────────────→ C₆H₁₂O₆ + 6O₂ + 6H₂O
 (1)    (2)                          (5)     (6)    (7)
```

(1) கார்பன் டை ஆக்சைடு: நிலத்தாவரத்தில் இலைத்துளை வழியாகவும், நீர்த்தாவரத்தில் நீரில் கரைந்தும் வருகிறது.
(2) நீர்: எலக்ட்ரான்களையும் ஹைட்ரஜனையும் தருகிறது.
(3) ஒளி: ஆற்றல் மூலம். தாவரம் பயன்படுத்துவது ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளம் வரை.
(4) பச்சையம்: சிவப்பு, நீல ஒளியை அதிகமாகவும் பச்சையைக் குறைவாகவும் உறிஞ்சும் நிறமி. வினையில் செலவாகாததால் அம்புக்குறியின் மேல் எழுதப்படுகிறது.
(5) குளுக்கோஸ்: உடனே பயன்படாதது ஸ்டார்ச்சாகச் சேமிக்கப்படுகிறது.
(6) ஆக்சிஜன்: நீர் பிளப்பதால் கிடைக்கும் துணை விளைபொருள்.
(7) வினையில் புதிதாக உருவாகும் நீர்.

இருபுறமும் உள்ள நீரைக் கழித்து 6H₂O என்று சுருக்கி எழுதுவதும் உண்டு. ஆனால் ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது என்பதை அந்தச் சுருக்கம் மறைத்துவிடும். வெளிவரும் 6O₂-இல் 12 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. அவை அத்தனையும் நீரிலிருந்து வருவதால் 12 நீர் மூலக்கூறுகள் தேவை. ரூபனும் காமனும் 1941இல் ஆக்சிஜன்-18 ஐசோடோப்பை வைத்து இதைச் சோதித்தார்கள். நீரில் அந்த ஐசோடோப்பு இருந்தபோது வெளிவந்த ஆக்சிஜனிலும் அது இருந்தது.

வினை முழுவதும் பசுங்கணிகத்தில் இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதல் கட்டமான ஒளிவினை தைலகாய்டு சவ்வில் நடப்பது. பச்சையம் ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானை இழக்கிறது, அந்த இழப்பை நீர் பிளந்து ஈடுகட்டுகிறது. இதில் ஆக்சிஜன் வெளியேற, ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் உருவாகின்றன. அடுத்தது ஸ்ட்ரோமாவில் நடக்கும் கால்வின் சுழற்சி. ரூபிஸ்கோ என்ற நொதி கார்பன் டை ஆக்சைடை ஐந்து கார்பன் சேர்மமான ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட்டுடன் சேர்க்கிறது. ஒரு குளுக்கோசுக்குத் தேவையான ஆறு கார்பன்களைச் சர்க்கரையாக்க 18 ஏடிபியும் 12 என்ஏடிபிஎச்சும் செலவாகின்றன. இதை இருள்வினை என்று அழைத்தாலும், அது இருட்டில்தான் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒளிவினை தரும் பொருள்கள் நின்றால் சிறிது நேரத்தில் இதுவும் நின்றுவிடும்.

(ஆ) ஒரு செயலின் வேகம் பல காரணிகளைப் பொறுத்திருந்தால், தேவையோடு ஒப்பிடும்போது எது மிகக் குறைவாக உள்ளதோ அதுவே வேகத்தைத் தீர்மானிக்கும். 1905இல் பிளாக்மேன் கூறிய விதி இது. அட்டவணையில் எந்த இடத்தில் எண்கள் ஏறாமல் நிற்கின்றன என்று பார்த்தால், எந்தக் காரணி கட்டுப்படுத்துகிறது என்பது தெரிந்துவிடும்.

ஒளிச்செறிவு 2 அலகில் மூன்று குடுவைகளிலும் 12 குமிழிகளே. பைகார்பனேட்டை ஐந்து மடங்காக்கியும், வெப்பநிலையை 10°C கூட்டியும் பலனில்லை. ஆனால் ஒளியை 1இலிருந்து 2ஆக்கியதும் குமிழிகள் இரட்டிப்பாகின்றன அல்லது அதைவிடச் சற்று அதிகமாகின்றன. எனவே இங்கே கட்டுப்படுத்துவது ஒளி. வெப்பநிலை ஏன் உதவவில்லை? ஒளியை உறிஞ்சுவது நொதி வினை அல்ல, அதனால் வெப்பம் அதை அவ்வளவாக வேகப்படுத்துவதில்லை. ஏடிபி போதாதபோது கால்வின் சுழற்சியின் நொதிகள் எவ்வளவு துடிப்பாக இருந்தாலும் பயனில்லை.

1 அலகு ஒளியில் 3ஆம் குடுவை 5 குமிழிகளே தந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். நாம் எண்ணுவது செடி உருவாக்கிய ஆக்சிஜனை அல்ல, சுவாசத்துக்குப் போக மிஞ்சியதை. 30°Cஇல் சுவாசம் கூடும், ஒளியோ மங்கல், அதனால் மிச்சம் குறைந்திருக்கலாம். ஒரே ஒரு குமிழி வித்தியாசம் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. குமிழிகளின் அளவும் ஒன்றுபோல் இருக்காது. வாயுவின் கன அளவை அளந்திருந்தால் இன்னும் நம்பலாம்.

முதல் குடுவை 8 அலகில் 22ஐத் தொட்டு அங்கேயே நிற்கிறது. ஒளியை 12 ஆக்கியும் மாற்றமில்லை, அதாவது ஒளி தெவிட்டிவிட்டது. அதே 20°Cஇல் 2ஆம் குடுவை 37 தருகிறது. இரண்டுக்கும் உள்ள ஒரே வேறுபாடு பைகார்பனேட், அதுதான் கரைசலுக்குக் கார்பன் டை ஆக்சைடைத் தருவது. ஆகவே 1ஆம் குடுவையில் கட்டுப்படுத்துவது கார்பன் டை ஆக்சைடு. காற்றிலேயே இது சுமார் 0.04% மட்டும் இருப்பதால், நல்ல வெளிச்சத்தில் நிற்கும் பல நிலத்தாவரங்களையும் இதுவே கட்டுப்படுத்துகிறது.

இரண்டாம் குடுவை 37, 38 என்று நின்றுவிட, 3ஆம் குடுவை 45, 56 என்று ஏறுகிறது. இங்கே வேறுபாடு வெப்பநிலை மட்டுமே. 20°Cஇல் கால்வின் சுழற்சியின் நொதிகள் மெதுவாக வேலை செய்ததே தடை. நொதி வினைகள் 10°C கூடினால் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பார்கள். 37 அப்படி 74 ஆகாததற்குக் காரணம், தடை விலகியதும் வேறொரு காரணி குறுக்கே வந்துவிட்டது.

அட்டவணையில் இல்லாத காரணிகளும் உண்டு. உறிஞ்சும் நீரில் 1%க்கும் குறைவாகவே நிலத்தாவரம் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்துகிறது. அதனால் வறட்சி தொடக்கத்தில் பாதிப்பது மூலப்பொருளான நீரை அல்ல, இலைத்துளைகள் மூடிக்கொள்வதால் உள்ளே வரும் கார்பன் டை ஆக்சைடை. மெக்னீசியம், நைட்ரஜன், இரும்பு குறைந்தால் பச்சையம் குறைந்து இலை வெளிறும், ஒளியைப் பிடிக்கும் திறனும் குறையும்.

(இ) ஒளியைக் கூட்டுவேன். 3ஆம் குடுவையில் 8இலிருந்து 12 அலகுக்குப் போகும்போது குமிழிகள் 45இலிருந்து 56 ஆகின்றன, அதாவது ஒளி இன்னும் தெவிட்டவில்லை. ஆனால் 4இலிருந்து 8க்குப் போனபோது 21 கூடியது, இப்போது 11 மட்டுமே. ஆகவே ஒளியோடு வேறொன்றும் கட்டுப்படுத்தத் தொடங்கியிருக்கிறது. அது கார்பன் டை ஆக்சைடா என்று இந்த அட்டவணையால் கூற முடியாது. 30°C, 12 அலகு ஒளி என்பவற்றை மாற்றாமல் 1% பைகார்பனேட்டில் இன்னொரு குடுவை வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை 56ஐத் தெளிவாகத் தாண்டினால் கார்பன் டை ஆக்சைடும் கட்டுப்படுத்துகிறது என்று பொருள். வெப்பநிலையை 40°Cக்கு மேல் கொண்டுபோக மாட்டேன். அங்கே நொதிகள் செயலிழக்கத் தொடங்கும், ரூபிஸ்கோ கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடிப்பதும் கூடும், சுவாசமும் ஏறும், அதனால் குமிழிகள் குறையவே வாய்ப்பு அதிகம்.