மாசியில் கோத்தகிரிக்குப் போ

நீடாமங்கலம்
4-1-2026

அன்புள்ள குமரன்,

நல்லா இருக்கியா? அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? போன வாரம் கடைத்தெருவில் பார்த்தபோது, "கூட்டமில்லாத மலை ஊர் ஒண்ணு சொல்லுங்க சார்" என்று கேட்டாய். பஸ் வந்துவிட்டது, நீ ஓடிவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

கோத்தகிரிக்குப் போ. ஊட்டிக்குப் போகிற கூட்டம் பெரும்பாலும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. கிட்டத்தட்ட 6,000 அடி உயரம், சுற்றிலும் தேயிலை, நடுவே ஒரு சின்னக் கடைத்தெரு. படகுக் குழாமும் குதிரைச் சவாரியும் கேட்டுப் பிள்ளைகள் அடம்பிடித்தால் நான் பொறுப்பில்லை.

எப்போது போவது என்பதுதான் முக்கியம். மாசி ரெண்டாவது வாரத்திலிருந்து பங்குனி முதல் வாரம் வரை, அதாவது பிப்ரவரி 20-க்கு மேல் மார்ச் 20-க்குள். உனக்கும் அதுதான் தோது. சம்பா அறுத்து மூட்டை போட்டிருப்பாய், வயலில் உளுந்தும் பயறும் தன்பாட்டுக்கு நிற்கும். அங்கே மார்கழிக் குளிர் விட்டிருக்கும், கோடைக் கூட்டம் ஏறியிருக்காது. சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடு. சின்னவன் அஞ்சாவதுதானே? நாலு நாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வேண்டாம். மேற்கே தொட்டபெட்டா மலை மறைப்பதால் தென்மேற்குப் பருவமழை கோத்தகிரியில் அவ்வளவாக வெளுத்து வாங்காது. வடகிழக்கு மழைக்குத்தான் அது முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது, நம்ம ஊர் மாதிரியே. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து எத்தனையோ உயிர் போனது. நானும் ஒரு ஐப்பசியில் போய், மரம் விழுந்த பாதையில் பஸ்ஸுக்குள் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் டீச்சரம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

பார்க்க வேண்டியது என்றால் எனக்கு ஒரே இடம், கோடநாடு காட்சிமுனை. காலையில் வெயில் ஏறுமுன் போய்விடு. கீழே அதலபாதாளத்தில் மாயாறு ஒரு நூல் மாதிரி தெரியும். ஏழாம் வகுப்பில் உங்களைப் படம் வரைய வைத்தேனே, நினைவிருக்கிறதா? மாயாறு பவானிசாகரில் பவானியோடு சேருகிறது, பவானி கூடுதுறையில் காவிரியோடு. அப்புறம் முக்கொம்பு, கல்லணை, வெண்ணாறு, உன் வயல் வாய்க்கால். மேட்டூரைத் திறந்தால்தான் தண்ணீர் என்று நாம் பழகிவிட்டோம். மேட்டூருக்குக் கீழே வந்து சேரும் பங்கு இது. முப்பது வருஷம் கரும்பலகையில் கோடாகப் போட்ட ஆற்றை முதல் தடவை அங்கே நின்று பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. உன் மகனுக்கு நீயே காட்டிச் சொல்லு.

ஊருக்குப் பக்கத்திலேயே லாங்வுட் சோலை இருக்கிறது. வனத்துறையிடம் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். மழையைப் பஞ்சு மாதிரி குடித்து வைத்துக்கொண்டு, வெயில் காலத்திலும் கசியவிடுகிற காடு அது. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அதுதான் தண்ணீர். நேரமிருந்தால் கன்னேரிமுக்கில் சல்லிவன் பங்களாவையும் பார். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் அங்கேதான் வீடு கட்டினார், ஊட்டியெல்லாம் அதற்கு அப்புறம்தான். மற்ற இடங்களை விடுங்கள். தேயிலைத் தோட்டத்து ஓரமாக நடந்துவிட்டு வந்து, சூடான டீயில் வர்க்கியை நனைத்துத் தின்றால் போதும். சாயங்காலம் இருட்டியபின் நடக்க வேண்டாம், காட்டெருமை பாதைக்கே வந்து நிற்கும்.

போவது சுலபம். நம்ம ஸ்டேஷனில் ராத்திரி செம்மொழி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியலில் கோவை. அங்கிருந்து பஸ்ஸில் மேட்டுப்பாளையம், அப்புறம் இன்னொரு பஸ், 33 கிலோமீட்டர் மலை ஏற்றம். அம்மாவுக்கு முன் சீட்டும் கையில் ஒரு எலுமிச்சம்பழமும் கொடு. காரில் போவதாக இருந்தால் முன்கூட்டியே இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசு பஸ்ஸுக்கு அது வேண்டாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள். பகலில் வெயில் இதமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதே, ராத்திரிக்கு அம்மாவுக்குக் கம்பளிச் சால்வை கட்டாயம் வேண்டும்.

ரயில் டிக்கெட்டை மட்டும் இப்போதே போட்டுவிடு. திரும்பி வரும்போது டீச்சரம்மாவுக்கு அரைக் கிலோ டீத்தூள், எனக்கு ஒரு பொட்டலம் வர்க்கி.

அன்புடன்,
உன் பழைய புவியியல் வாத்தியார்