வாடகைத் தலையங்கம்: எது வாதம், எது தகவல்

மாமா,

நீங்கள் கொடுத்தனுப்பிய நாளிதழின் தலையங்கத்தை மூன்று தடவை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை வியாபாரிகள் கூட்டத்தில் இதை வைத்துத்தான் பேசப் போகிறீர்கள். அதனால் எழுதியவரின் கருத்தையும் அவர் காட்டும் தகவலையும் கலக்காமல் பிரித்து எழுதியிருக்கிறேன்.

முதலில் அவருடைய வாதம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் கடைவீடுகளின் சுவரும் ஓடும் பத்திரமாக இருக்கின்றன, உள்ளே நடந்த தொழில்தான் போய்க்கொண்டிருக்கிறது என்கிறார். பூ கட்டுகிறவரும் மசாலா அரைக்கிறவரும் நகை செய்கிறவரும் கிளம்பிவிட்டால், லிட்டில் இந்தியா வெறும் வர்ணம் பூசிய தெருவாகிவிடும் என்பது அவர் கவலை. இதற்கு அவர் சொல்லும் காரணம், யுனெஸ்கோ அங்கீகாரம் வந்த பிறகு வாடகை ஏறியதுதான். தலையங்கம் முழுக்க இந்த ஒரு காரணத்தின் மேல்தான் நிற்கிறது.

பரிந்துரை கடைசி இரண்டு பத்திகளில் வருகிறது. பழைய தொழில்காரருக்கு நீண்ட கால ஒப்பந்தம் தரும் கட்டட உரிமையாளருக்கு மதிப்பீட்டு வரியில் கழிவு தர வேண்டும் என்கிறார். அதோடு, எந்தத் தெருவில் எந்தப் பாரம்பரியத் தொழில் இருக்கிறது என்று மாநில அரசு கணக்கெடுக்கவும் வேண்டும். இரண்டும் அவர் கேட்பவை. அரசு ஒத்துக்கொண்டதாக எங்கேயும் எழுதவில்லை. கூட்டத்தில் யாராவது "அரசாங்கம் வரியைக் குறைக்கப் போகுதாம்" என்று ஆரம்பித்தால், உடனே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து தகவல்கள். இவற்றைத் தயங்காமல் சொல்லலாம். 2008 ஜூலை 7ஆம் தேதி ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ஜார்ஜ்டவுனின் மையப் பகுதி 109.38 ஹெக்டர். உங்கள் கடை இருக்கும் மார்க்கெட் ஸ்திரீட்டும் 1833இல் எழுந்த குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவிலும் அதற்குள்தான் வருகின்றன. பல இனத்தாரின் வாழும் மரபும் அந்த அங்கீகாரத்துக்கு ஒரு காரணம். கட்டடத்துக்கு மட்டும் கிடைத்த பெயர் இல்லை இது. அவர் வாதத்துக்கு மிகப் பலமான ஆதாரம் இதுதான். ஆனால் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போகிறார்! நீங்கள் இதிலிருந்தே பேச்சை ஆரம்பியுங்கள்.

இன்னொரு தகவலும் அவரே தருகிறார். 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய வீடுகளுக்கும் கடைகளுக்கும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அதை நீக்கும் சட்டம் 1997இல் வந்தது, விட்டுவைத்த கால அவகாசம் 1999 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. அன்றைக்குப் பிறகு உரிமையாளர் கேட்பதுதான் வாடகை.

இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மாமா. கட்டுப்பாடு போனது 2000 பிறக்கும்போது. யுனெஸ்கோ வந்தது அதற்கு எட்டரை ஆண்டு கழித்து. அப்படியானால் வாடகை ஏறியதற்கு யுனெஸ்கோவே காரணம் என்பது எழுதியவரின் முடிவு. அவர் தரும் தகவல் அந்த அளவுக்குப் போகவில்லை. அங்கீகாரம் வந்து ஹோட்டலும் காபிக் கடையும் பெருகியதால் மேலும் ஏறியிருக்கலாம், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் எவ்வளவு என்று காட்ட ஓர் எண்கூட அதில் இல்லை.

"அண்மையில் பல கடைகள் மூடப்பட்டன" என்ற வரியையும் நான் தகவல் கணக்கில் சேர்க்கவில்லை. எத்தனை கடை, எந்தத் தெரு, எந்த ஆண்டு எதுவுமே இல்லை. பொய் என்று சொல்லவில்லை. நம் கண் முன்னேயே மூடியிருக்கிறார்கள், பார்க்கும்போது வயிறு எரிகிறது. இருந்தாலும் அதிகாரி ஒருவர் "எத்தனை?" என்று கேட்டால், இந்தத் தலையங்கத்தில் பதில் கிடையாது.

சுருக்கமாகக் கூட்டத்தில் வாசிக்க ஒரு பத்தி கேட்டீர்களே, அது இது:

"ஜார்ஜ்டவுனின் பழைய தொழில்கள் வாடகையால் வெளியேறுகின்றன, அவை போனால் 2008இல் கிடைத்த அங்கீகாரத்துக்கே பொருள் குறையும் என்று தலையங்கம் வாதிடுகிறது. உரிமையாளருக்கு வரிக் கழிவும் தொழில்களின் கணக்கெடுப்பும் வேண்டும் எனப் பரிந்துரைக்கிறது. அங்கீகாரம் வந்த தேதியையும் அதன் காரணத்தையும், வாடகைக் கட்டுப்பாடு 1999 முடிவோடு நீங்கியதையும் ஆதாரமாகத் தருகிறது. மூடிய கடைகளின் எண்ணிக்கையோ வாடகை ஏறிய அளவோ தரவில்லை."

அப்புறம் ஒன்று. தாத்தா காலத்து வாடகை ரசீதுகள் மேல்மாடித் தகரப் பெட்டியில் இருப்பதாக அத்தை சொன்னார்கள். 1999, 2000, 2008 ஆகிய மூன்று ஆண்டுகளின் ரசீதையாவது தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள். பக்கத்துக் கடைக்காரர்களிடமும் கேளுங்கள். நான் சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்து எல்லாவற்றையும் வரிசையாக எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்